பெயர் சொல்லாமல் கேட்கப்படும் இரங்கல் செய்தி

இரங்கல் செய்தி எழுதித் தரச் சொல்லி வருகிறவர்களில் பெரும்பாலோர் இறந்தவரின் பெயரைச் சொல்வதில்லை. "ஓர் இரங்கல் செய்தி வேண்டும், நல்ல தமிழில், கொஞ்சம் சீக்கிரம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர் தாய்மாமன் பெயரில் ஒரு கால் விட்டுப்போனாலும் திரும்பி வந்து சண்டை பிடிப்பார். சாவுச் செய்தி என்று வந்துவிட்டால் யார் செத்தார், தனக்கு என்ன முறை, அந்த வீட்டில் என்ன வழக்கம் என்பதில் ஒன்றும் வாயிலிருந்து வராது.

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில், ராமேஸ்வரம் போகும் சாலையை ஒட்டி ஜெராக்ஸ், தட்டச்சு, போஸ்டர் வேலை செய்யும் கடை என்னுடையது. கிழக்கே பாம்பன், தங்கச்சிமடம். தெற்கே வேதாளை, மரைக்காயர்பட்டினம், பெரியபட்டினம். அதைத் தாண்டிக் கீழக்கரை. இந்தக் கரையில் கோயில் கொடியும் பள்ளிவாசல் மினாராவும் வேதக்கோயில் கோபுரமும் ஒரே பஸ் பயணத்தில் கண்ணில் பட்டுவிடும். ஆகவே, கேட்டு வருகிறவர் நெற்றியில் திருநீறு இருக்கிறது என்பதற்காக, செத்தவர் வீட்டிலும் திருநீறு இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஏன் சொல்வதில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த காரணங்கள் உண்டு. ஊர் மைக்கில் சொல்லியாகிவிட்டது, எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்ற நினைப்பு ஒன்று. "இன்னார் இறந்துவிட்டார்" என்று தன் வாயால் சொல்ல வராமல் இருப்பது இன்னொன்று. இவை இரண்டும் நியாயமானவை. மூன்றாவதுதான் எனக்கு எரிச்சலூட்டும்: வாடகை ஒப்பந்தப் பத்திரம்போல இதற்கும் ஒரு தயார் வாசகம் இருக்கிறது, பெயர் எழுத இடம் விட்டு அடித்துக் கொடுத்தால் போதும் என்று எண்ணுவது. போஸ்டர் கடைக்காரர்களாகிய நாங்கள்தான் அந்த எண்ணத்தை வளர்த்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணீர் அஞ்சலிக்குக் குத்துவிளக்கும் ரோஜாவும் வைத்த மாதிரிகள் எல்லாக் கடைக் கம்ப்யூட்டரிலும் கிடக்கின்றன. படத்தையும் பெயரையும் மாற்றினால் வேலை முடிந்தது.

சுவரில் ஒட்டும் போஸ்டருக்கு அது போதும். அதை ஊர் படிக்கிறது. தனி ஒருவருக்குப் போகும் செய்தியைப் பிணத்துக்கு அருகில் உட்கார்ந்திருப்பவர் படிக்கிறார். அவருக்கு ஒவ்வொரு வரியும் தெரியும், ஒவ்வொரு பொய்யும் தெரியும். "நீண்ட நாள் வாழ்ந்து நிறைவாகச் சென்றார்" என்று எழுதினால் செத்தவர் முப்பது வயதுக்காரராக இருக்கலாம். "நோயின் பிடியிலிருந்து விடுதலை பெற்றார்" என்றால் அது விபத்தாக இருக்கலாம். "அன்னாரின் துணைவியார்க்கு" என்றால் அவர் மனைவி பத்து வருடம் முன்பே போய்ச் சேர்ந்திருக்கலாம். விவரம் தெரியாமல் எழுதும்போது நீளமாக எழுதுவதுதான் ஆபத்து.

ஆள் பிடிபடவில்லை, கேட்டவர் கைபேசியை எடுக்கவில்லை, ஆனால் உடனே ஏதாவது போயாக வேண்டும் என்ற நிலையில் நான் கொடுப்பது இவ்வளவுதான்:

"செய்தி இப்போதுதான் என் காதுக்கு எட்டியது. என்ன சொல்வதென்று தெரியவில்லை. உங்களையும் வீட்டில் எல்லாரையும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். இப்போது பதில் எதுவும் எழுத வேண்டாம். நான் பிறகு பேசுகிறேன்."

இதில் சாவு என்ற பேச்சே இல்லை. ஆணா பெண்ணா, சின்னவரா பெரியவரா என்பது இல்லை. கடவுள் பெயர், ஆன்மா, சொர்க்கம், மலர், விளக்கு எதுவும் இல்லை. எந்த மதத்து வீட்டுக்குப் போனாலும் யாரையும் குத்தாது. "பதில் எழுத வேண்டாம்" என்ற வரியை வேண்டுமென்றே வைக்கிறேன். சாவு வீட்டுக்காரருக்கு அன்றைக்கு வரும் செய்திகளுக்கெல்லாம் கைகூப்பும் படம் அனுப்புவதே ஒரு வேலையாகிவிடுகிறது. "நேரில் வருகிறேன்" என்று நானாகச் சேர்ப்பதில்லை, ஏனென்றால் கேட்டவர் எங்கே இருக்கிறார், வருவாரா என்று எனக்குத் தெரியாது. சொல்லிவிட்டு வராமல் போனவரைச் சாவு வீடு மறக்காது.

இது ஒரு நாளைக்குத் தாங்கும். அதற்குள் விவரம் வாங்கியாக வேண்டும்.

விவரம் கேட்பதில் ஒரு வரிசை இருக்கிறது. "இறந்தது யார்?" என்று தொடங்கினால் எதிரில் இருப்பவர் அடைத்துக்கொள்வார், அல்லது நோய், ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ் என்று அரை மணி நேரம் போய்விடும். அதனால் நான் முதலில் கேட்பது: "இது யார் கைக்குப் போகிறது? அவரை நீங்கள் என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள்?" உயிரோடு இருப்பவரைப் பற்றிய கேள்வி என்பதால் பதில் தயங்காமல் வரும். "மச்சான்" என்றால் ஒரு நெருக்கம், "முதலாளி" என்றால் ஓர் இடைவெளி, "டீச்சர்" என்றால் வேறொரு மரியாதை. அந்த விளியைச் செய்தியின் முதல் சொல்லாக வைத்துவிட்டால் மீதி நடை தானாக அமையும். மச்சான் என்று தொடங்கிவிட்டு அடுத்த வரியில் "ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று எழுத யாருக்கும் கை வராது. அது சங்கத் தலைவர் கையெழுத்துப் போடும் வாசகம்.

ஆனால் கூப்பிடும் முறையை வைத்து மதத்தை முடிவு செய்யக் கூடாது. இந்தக் கரையில் முறை வைத்து அழைப்பதற்கு மதம் குறுக்கே நிற்பதில்லை. இந்து வீட்டுப் பிள்ளை கீழக்கரை முஸ்லிமை, அண்ணன் என்ற முறையில், காக்கா என்று கூப்பிடுவான். முஸ்லிம் வீட்டுப் பெரியவர் பக்கத்து ஊர் இந்துவை மாப்பிள்ளை என்பார். யார் யாருக்கு எழுதுகிறார் என்பதில் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்படி வந்த ஒன்றை முழுதாகச் சொல்கிறேன். உச்சிப்புளிப் பக்கத்துப் பையன் ஒருவன், துபாயில் வேலை. வெளிநாடு போவதற்கு முன் அவனுடைய விண்ணப்பங்களையெல்லாம் நான்தான் அடித்துக் கொடுத்தேன். ஒரு நாள் பத்தரை மணி வாக்கில் அவனிடமிருந்து கைபேசிக்குச் செய்தி: "அண்ணன், ஓர் இரங்கல் செய்தி எழுதி அனுப்புங்கள். மனதைத் தொடும்படி இருக்க வேண்டும்." அவ்வளவுதான். கூடவே ஒரு படம்: எரியும் விளக்கு, கீழே உதிர்ந்த பூக்கள், "ஆன்மா சாந்தியடையட்டும்" என்ற எழுத்து. இதில் என் வாசகத்தைச் சேர்த்துத் தர வேண்டுமாம். அழைத்தேன், எடுக்கவில்லை. அவன் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்பது எனக்குத் தெரியும், ஆனால் அப்பா செத்தால் மகன் இரங்கல் செய்தி கேட்க மாட்டான், டிக்கெட் தேடுவான். மேலே சொன்ன வரிகளை மட்டும் அனுப்பி, "விளக்குப் படம் வேண்டாம், முதலில் என்னோடு பேசு" என்று போட்டு வைத்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து அழைத்தான். துபாய்க்கும் நமக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம். அங்கே அவன் வேலைக்கு நடுவே வெளியே வந்து பேசுகிறான்.

"தம்பி, இது யாருக்குப் போகிறது?"

"காக்காவுக்கு, அண்ணன். கீழக்கரையில் நான் கடையில் நின்றேனே, அந்தக் காக்காவுக்கு."

"அவர் வீட்டில் யாருக்கு என்ன?"

"உம்மா."

அதற்குமேல் அவன் பேசவில்லை. இரண்டாவது கேள்வியைக் கேட்டேன்: "எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள்?" ஊர்க் குழுவில் வந்த ஜனாஸா அறிவிப்பை அவன் பார்த்திருந்தான். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம். அப்படியானால் நமக்கு நாலு மணி நேரம் இருந்தது. முஸ்லிம் வீடுகளில் பெரும்பாலும் அன்றைக்கே அடக்கம் முடிந்துவிடும். வெளிநாட்டிலிருந்து பிள்ளை வரட்டும் என்று குளிர்பெட்டியில் வைத்துக் காத்திருக்கும் வழக்கம் இங்கே மற்றவர்களிடம் இருக்கும் அளவுக்கு அவர்களிடம் இல்லை. அதனால் அவசரம் என்பது வெறும் பேச்சில்லை. அடக்கத்துக்கு முன்னே போய்ச் சேர்ந்தால் அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது.

அந்த அறிவிப்பையும் எனக்கு அனுப்பச் சொன்னேன். சாவு வீட்டு வழக்கம் தெரிய வேண்டுமென்றால் அந்த வீட்டார் தாங்களே வெளியிட்ட அறிவிப்பைவிட நல்ல ஆதாரம் கிடையாது. அதில் அந்த அம்மாவின் பெயர் தனியாக இல்லை. மர்ஹூம் இன்னாருடைய மனைவியும் இன்னார், இன்னாருடைய தாயாருமாகிய என்று மட்டுமே இருந்தது. படமும் இல்லை. இதிலிருந்து மூன்று செய்திகள் கிடைத்தன. மர்ஹூம் என்று போட்டிருப்பதால் காக்காவின் வாப்பா முன்பே காலமாகிவிட்டார், ஆகவே அவருக்கு ஆறுதல் சொல்லும் வரி தேவையில்லை. பெண்ணின் பெயரைப் பொதுவில் போடாத வீடு, ஆகவே நாமும் போடக் கூடாது. படமும் வைக்கக் கூடாது. பையனிடம் ஒரு கல்யாண வீட்டில் எடுத்த படம் இருந்தது, அதை வைத்து ஒரு நினைவு அட்டை செய்ய வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. "அந்தப் படம் உன்னிடமே இருக்கட்டும்" என்றேன். கொஞ்சம் வருத்தம்தான் அவனுக்கு.

பிறகு அவன் ஒரு யோசனை சொன்னான். "இன்னா லில்லாஹி என்று தொடங்குவார்களே, அதைப் போட்டு, அல்லாஹ் அவருடைய பாவங்களை மன்னிக்கட்டும் என்று எழுதினால் மரியாதையாக இருக்காதா?" முஸ்லிம்கள் தங்களுக்குள் அனுப்பும் செய்திகளைப் பார்த்து அப்படிச் சொன்னான். அங்கே அது மிகவும் சரியான வேண்டுதல். இறந்தவரின் பிழை பொறுக்கப்பட வேண்டும் என்பது அவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் துஆ. கடையில் வேலை பார்த்த இந்துப் பையன் முதலாளியின் தாயாருடைய பாவத்தைப் பற்றிப் பேசுவதாக அதே வரி போய்ச் சேர்ந்தால் எப்படி இருக்கும்? காக்கா தப்பாக எடுக்காமல் இருக்கலாம். பக்கத்தில் இருந்து படிக்கும் இன்னொருவர் எடுக்கலாம். அரபுத் தொடரும் அப்படித்தான். அவன் வாயால் எப்போதும் சொல்லாத ஒன்றை, எழுத்துப் பிழையோடு, அன்றைக்கு மட்டும் எழுதுவதில் என்ன இருக்கிறது? இறைவன் என்ற சொல் இரண்டு வீட்டுக்கும் பொது. அது போதும் என்றேன்.

மூன்றாவது கேள்விதான் செய்தியின் உயிர். "அவர்கள் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "ரொம்ப நல்லவர்" என்றுதான் பதில் வரும், அதை வைத்து ஒன்றும் எழுத முடியாது. நான் கேட்டது: "அந்த அம்மா உனக்கு என்ன கொடுப்பார்கள்?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னான். நோன்பு மாதத்தில் கடையில் எல்லாரும் நோன்பு. இவன் ஒருவன்தான் இல்லை. முதல் வருடம் ஓட்டலுக்குப் போகக் கூச்சப்பட்டுப் பட்டினியாகவே இருந்திருக்கிறான். அது எப்படியோ வீட்டுக்குத் தெரிந்து, அடுத்த நாளிலிருந்து மாதம் முழுவதும் மதியம் தூக்குச் சட்டியில் சோறும் மீனாணமும் வந்துவிடும். உம்மாவும் நோன்பு; உப்புப் பார்க்காமலே சமைத்தது. ஒரு நாள் உப்பு கூடிப்போய்விட்டது. சாயங்காலம் நோன்பு திறந்தபின் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "பிள்ளை எப்படித் தின்றானோ" என்று ஆள் விட்டுக் கேட்டார்களாம். இவன் நன்றாக இருந்தது என்று சொல்லி அனுப்பியிருக்கிறான்.

அதற்குப் பிறகு எனக்கு எழுத அதிக வேலை இல்லை. போன செய்தி இது:

"காக்கா, உம்மாவின் செய்தி கேட்டேன். நோன்பு மாதத்தில் எனக்காக மட்டும் அடுப்பு மூட்டி, உப்புக்கூடப் பார்க்காமல் சமைத்துத் தூக்குச் சட்டியில் அனுப்புவார்கள். அந்தச் சோற்றை நான் எங்கே போனாலும் மறக்கவில்லை. இந்த நேரத்தில் உங்கள் பக்கத்தில் வந்து நிற்க முடியாத தூரத்தில் இருக்கிறேன். இறைவன் உம்மாவுக்கு நல்ல பதவியைத் தரட்டும். உங்களுக்கும் ராத்தாவுக்கும் வீட்டில் எல்லாருக்கும் பொறுமையைத் தரட்டும். ஊருக்கு வந்ததும் முதலில் வீட்டுக்கு வருகிறேன்."

உப்புக் கதை முழுவதையும் சேர்க்கச் சொன்னான். வேண்டாம் என்றேன். அது அவன் நேரில் வந்து உட்கார்ந்து சொல்ல வேண்டியது. அன்றைக்கு அந்த வீட்டில் சிரிக்கவும் ஆள் இருப்பார்கள். "ராத்தா" என்பதை எழுதுவதற்கு முன் காக்காவுக்கு அக்கா இருக்கிறாரா, உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டேன். இதைக் குழுவில் போடாமல் காக்காவின் எண்ணுக்கு மட்டும் அனுப்பச் சொன்னேன்.

முஸ்லிம் வீடு என்று தெரிந்துவிட்டால் வழக்கம் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளவும் முடியாது. ஒரே தெருவில் ஒரு வீட்டில் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதிச் சோறு போடுவார்கள். அடுத்த வீட்டில் அது மார்க்கத்தில் இல்லை என்று ஒதுக்கியிருப்பார்கள். "நாற்பதாம் நாளுக்குக் கட்டாயம் வருவேன்" என்ற வரி முதல் வீட்டில் ஆறுதல், இரண்டாவது வீட்டில் வம்பு. கிறிஸ்தவ வீடுகளிலும் இதே கதை. தங்கச்சிமடத்துக் கத்தோலிக்க வீட்டுக்கு எழுதும்போது இறந்தவரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக வேண்டுகிறேன் என்றால் அவர்கள் நெஞ்சுக்கு இதமாக இருக்கும். அவர்களே இறந்தவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறவர்கள். சீர்திருத்த சபையிலோ பெந்தெகொஸ்தே சபையிலோ இருக்கும் வீட்டுக்கு அதே வரி பொருந்தாது. இறந்தவருக்காக ஜெபிப்பது அவர்களிடம் வழக்கமில்லை. கர்த்தர் உங்களைத் தேற்றுவாராக என்று இருப்பவர்களைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். சிலுவைப் படத்தைப் பார்த்துவிட்டு எல்லாம் ஒன்றுதான் என்று எழுதுவது, எழுதாமல் விடுவதைவிட மோசம். எந்தச் சபை என்று கேட்கக் கூச்சமாக இருந்தால் எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்ற கேள்வியே உதவும். "நாலு மணிக்கு அடக்கத் திருப்பலி" என்றால் ஒன்று, "நாலு மணிக்கு அடக்க ஆராதனை" என்றால் மற்றொன்று. "பிள்ளை வந்ததும் எடுக்கிறார்கள், நீர்மாலைக்குப் போயிருக்கிறார்கள்" என்றால் வேறு எதுவும் கேட்க வேண்டியதில்லை.

அந்தக் கேள்விக்குப் பதிலே வராமல் போவதும் உண்டு. கடற்கரையில் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

மீனவர் சங்கம் ஒன்றிலிருந்து இளைஞர் ஒருவர் வந்தார். உறுப்பினர் ஒருவருக்கு இரங்கல் செய்தியும், அதையே பெரிதாக வைத்து ஒரு போஸ்டரும் வேண்டும். பெயர், படம் எல்லாம் கையோடு கொண்டுவந்திருந்தார். இறந்தவர் விவரத்தோடு வந்த அபூர்வமான ஆள். "எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள்?" என்றேன். முழித்தார். "எடுப்பது எங்கே அண்ணன், ஆளே கிடைக்கவில்லை" என்றார். படகு கவிழ்ந்து மற்றவர்கள் கரை சேர்ந்துவிட்டார்கள், இவர் ஒருவரைக் காணவில்லை, நாட்கள் ஆகிவிட்டன, இனி எங்கே என்று சங்கத்தில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

"வீட்டில் என்ன சொல்கிறார்கள்?"

"அந்த அக்கா தாலியைக் கழற்றவில்லை. இலங்கைப் பக்கம் கரை ஒதுங்கியிருப்பார் என்று சொல்லிக்கொண்டு இருக்கிறது."

வேலையை அங்கேயே நிறுத்தினேன். ஒரு வீடு சாவு என்று ஏற்றுக்கொள்ளாதவரை வெளியார் அதைச் சாவு என்று எழுதக் கூடாது. காலஞ்சென்ற, மறைந்த, அமரர் என்று எதையாவது சுவரில் ஒட்டினால் அந்தப் பெண் காலையில் தண்ணீர்க் குடத்தோடு வரும்போது அதைப் படிப்பார். நீரோட்டத்தில் எல்லை தாண்டிப் போன படகிலிருந்து ஆட்கள் உயிரோடு திரும்பி வந்த கதை இந்தக் கரையில் எல்லாருக்கும் தெரியும், ஆகவே அவருடைய நம்பிக்கையை யாரும் பைத்தியம் என்று சொல்லிவிட முடியாது. சட்டமும் இதில் பொறுமையாகத்தான் இருக்கிறது. காணாமல் போனவரைப் பற்றி ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லை என்றால்தான் இறந்துவிட்டதாகக் கொள்ள இடம் தருகிறது.

இளைஞருக்குக் கோபம். நிதி திரட்ட வேண்டும், அதற்கு ஏதாவது வாசகம் இல்லாமல் எப்படி என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அரிசி வாங்கப் பணம் வேண்டும், அது ஏழு ஆண்டு காத்திருக்காது. அதனால் போஸ்டரை விட்டுவிட்டு, சங்க உறுப்பினர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அடித்தோம். "நம் சங்க உறுப்பினர் கடலுக்குச் சென்று இன்னும் கரை திரும்பவில்லை. தேடுதல் தொடர வேண்டும் என்று கோருகிறோம். அதுவரை அவர் வீட்டுச் செலவைச் சங்கம் பார்த்துக்கொள்ளும். உறுப்பினர்கள் தங்களால் இயன்றதைத் தர வேண்டும்." வீட்டுக்குத் தனியாக ஒரு வரி: "அண்ணன் வரும்வரை எது வேண்டுமானாலும் எங்களிடம் சொல்லுங்கள், அக்கா." இதை எழுதும்போது அந்த இளைஞர், "வரும்வரை என்று எழுதலாமா, வராவிட்டால்?" என்று கேட்டார். நாம் வாக்குக் கொடுப்பது செலவுக்கு, ஆள் திரும்புவதற்கு இல்லை என்றேன். அரைமனதோடு வாங்கிக்கொண்டு போனார்.

உறவுமுறை தெரியாமல் எழுதுவதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கேட்டு வந்தவர் இரங்கல் சொல்ல வேண்டியவரா, இரங்கல் கேட்டுக்கொள்ள வேண்டியவரா என்பது. கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கும் ஒருவர், நாற்பது வயது இருக்கும், கசங்காத சட்டையோடு வந்தார். ஊரில் ஒரு பெரியவர் தவறிவிட்டார், குடும்பத்தாருக்கு நல்லதாக ஒரு செய்தி வேண்டும், தன் பெயரும் பதவியும் கீழே வர வேண்டும் என்றார். அவர் ஊர் சாயல்குடிப் பக்கம், பிழைப்பு இங்கே.

"யாருக்குப் போகிறது?"

"பெரியவர் மகனுக்கு."

"அவரை எப்படிக் கூப்பிடுவீர்கள்?"

"அண்ணன் என்றுதான்."

"சும்மா அண்ணனா, சொந்தத்தில் அண்ணனா?"

"பெரியப்பா மகன். அப்பாவின் சொந்த அண்ணன் மகன்."

அப்படியானால் செத்தது இவருடைய அப்பாவின் கூடப் பிறந்த அண்ணன். இவர் பங்காளி. மாமன், மச்சான் முறையில் இருப்பவர் கேதம் கேட்க, அதாவது துக்கம் விசாரிக்கப் போவார். பங்காளி சாவு வீட்டுத் திண்ணையில் நின்று வருகிறவர்களிடம் கேதம் வாங்குவார். தீட்டு இவர் வீட்டுக்கும் உண்டு. இவர் பதவியைப் போட்டு "தங்கள் குடும்பத்தாருக்கு ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று அனுப்பினால், தங்கள் குடும்பம் என்ற இடத்திலேயே அண்ணன் தம்பி உறவு அறுந்துபோகும். ஏதாவது மனத்தாங்கல் இருக்கிறதா, நிலத் தகராறா என்று ஊர் பேசத் தொடங்கிவிடும்.

அதைச் சுற்றி வளைக்காமல் அவரிடம் சொன்னேன். நகரத்தில் வளர்ந்தவர், அவருக்கு யாரும் இதைச் சொல்லித் தந்ததில்லை போலிருக்கிறது. "அப்படியானால் நான் என்ன எழுத வேண்டும்?" என்று கேட்டார்.

"எழுத ஒன்றும் இல்லை. அண்ணனைக் கூப்பிட்டு, கிளம்பிவிட்டேன், எடுப்பதற்குள் வந்துவிடுவேன் என்று சொல்லுங்கள்."

கடை வாசலில் நின்று கைபேசியில் பேசினார். திரும்பி வந்து, பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை இருக்க வேண்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டதாகவும், கம்பெனியில் அவ்வளவு நாள் தருவார்களா தெரியவில்லை என்றும் சொன்னார். முழுவதும் கேட்க வேண்டாம், முதல் நாலு நாளும் பதினாறை ஒட்டி இரண்டு நாளும் கேட்டுப் பாருங்கள் என்றேன். அவருக்கு அன்று தேவைப்பட்ட எழுத்து வேலை அதுதான். விடுப்பு விண்ணப்பத்தை அடித்து, கையெழுத்து வாங்கி, படம் எடுத்து அவருடைய மேலாளருக்கு அங்கிருந்தே அனுப்பினோம். ராமநாதபுரம் போகும் பஸ் வந்ததும் ஏறிக்கொண்டார்.